பாட்டுக்குள் ஒரு வசனம்: ஏற்காட்டு மலைப்பாதைக் காட்சி ஒன்றுக்குச் சப்டைட்டில் போட்ட கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு ஜீப் ஏறுகிறது. முன்சீட்டில் கணவனும் மனைவியும். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பாட்டு தொடங்குகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் இடையில் மூன்றே மூன்று வசனங்கள். படத்தின் பிற்பகுதி முழுக்க அந்த மூன்றில் முதலாவதன் மேல்தான் நிற்கிறது. காது கேளாதவர்களுக்கான தமிழ்ச் சப்டைட்டிலின் முதல் வடிவத்தில், சரியாக அந்த வசனம்தான் யார் கண்ணிலும் படாமல் போனது.

படம் இன்னும் திரைக்கு வரவில்லை. அதனால் பெயர் வேண்டாம். பாட்டு வரிகளையும் வசனங்களையும் பாத்திரத்தின் பெயரையும் இங்கே மாற்றி எழுதியிருக்கிறோம். பாட்டு படத்தின் 41ஆவது நிமிடம் 8ஆவது நொடியில் தொடங்கி 3 நிமிடம் 52 நொடி ஓடுகிறது. படம் நொடிக்கு 24 ஃப்ரேம். திரையில் ஒரே நேரத்தில் வந்து போகும் எழுத்துத் துண்டைக் கீழே ‘கார்டு’ என்றே சொல்கிறோம்.

பல்லவி, கவிஞர் கொடுத்த தாளில் இப்படி இருந்தது:

மஞ்சு எறங்கி வருதடி – மல
மடியில் ஈரம் தருதடி
நெஞ்சு நழுவிப் போகுதடி – ஒத்த
நெனப்பு மட்டும் வேகுதடி

முன்னிசை 21 நொடி. 41:29இல் முதல் வரி வருகிறது. ஒவ்வொரு வரியையும் பாட 4.2 நொடி ஆகிறது. முதல் இரண்டு வரிகள், அடுத்த இரண்டு வரிகள், மறுபடி முதல் இரண்டு வரிகள் என்று பாடி, 41:54இல் இடையிசைக்குப் போகிறார்கள். இதற்குள் வசனங்கள் வருமிடம்: 41:34.5இல் அவன், “தோட்டத்த வித்தாச்சு.” 41:38.6இல் அவள், “யாருகிட்ட கேட்டீங்க?” 41:47இல் அவன், “கேக்க நேரமில்ல.”

முதல் வடிவம் ஏன் தோற்றது

முதல் வடிவத்தைச் செய்தவர் சோம்பல்படவில்லை; அளவுக்கு மீறி உழைத்திருந்தார். பாடகர் வாய் திறக்கும் இடத்தில் கார்டு வந்தது, மூடும் இடத்தில் போனது. ஒரு வரி முடிந்த கையோடு அடுத்த வரி. திரும்பப் பாடியதெல்லாம் திரும்ப வந்தது. வசனங்களுக்கும் அதே நியாயம்: பேச்சு எவ்வளவு நேரமோ, கார்டும் அவ்வளவு நேரம்.

இதனால் 41:33.2 முதல் 41:37.4 வரை ‘மடியில் ஈரம் தருதடி’ திரையின் அடியில் நிற்கிறது. அது நிற்கும்போதே 41:34.5இல் ‘தோட்டத்த வித்தாச்சு’ வந்து 1.3 நொடியில் போய்விடுகிறது. இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கேட்டால், படத்தை ஓட்டும் ஒளிப்பான் பொதுவாக முதலில் வந்ததை அசைக்காமல் விட்டுவிட்டு, பின்னால் வந்ததை அதன் தலைமேல் ஏற்றி வைக்கும். ஆக, பாட்டு வரி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்க, வசனம் அதற்கு மேலே, கண் எதிர்பார்க்காத இடத்தில் மின்னி மறைந்தது. சில ஒளிப்பான்கள் இரண்டில் ஒன்றைக் காட்டவே காட்டாது. கணினியில் சரியாகத் தெரிந்த கோப்பு டிவியில் வசனத்தை விழுங்குவது இப்படித்தான்.

பார்வையாளர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய 5 நொடியும் அவர் கீழே பாட்டு வரி படித்துக்கொண்டிருந்தார். ‘கீழே இருப்பது பாட்டு, விட்டால் குடிமுழுகிப் போகாது’ என்று முடிவு செய்து கண்ணை மஞ்சுக்கும் மலைக்கும் திருப்பியிருப்பார். அந்த நேரம் பார்த்து வசனம் வருகிறது. பாட்டு வரி தொடர்ந்து நின்றால் அது வசனத்தின் இடத்தைப் பிடிப்பதோடு, கீழே பார்க்கும் பழக்கத்தையும் கலைத்துவிடுகிறது. இரண்டாவதுதான் பெரிய சேதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, பாட்டை மேலே ஏற்றி வசனத்தைக் கீழே வைப்பது. இதையும் செய்து பார்த்தோம். மோதல் நின்றது, ஆனால் படிப்பவர் கண் மேலும் கீழும் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முகங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. ஏற்காட்டுக் காட்சிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல ஷாட்டுகளில் திரையின் மேல் பாதி முழுக்க மஞ்சு. வெள்ளை மேல் வெள்ளை எழுத்து. எங்கள் முடிவு: இரண்டையும் ஒரே இடத்திலேயே வைப்பது, ஆனால் ஒருபோதும் ஒரே நேரத்தில் வைக்காமலிருப்பது. மேலே ஏற்றுவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொண்டோம். இந்தப் பாட்டில் அது ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

எழுத்தை எப்படி எண்ணுவது

எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கு முன், எத்தனை எழுத்து என்று தெரிய வேண்டும். இங்கே தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. சப்டைட்டில் மென்பொருள்களில் பல, யுனிகோடுக் குறிகளையே எண்ணுகின்றன. ‘கண்ணீர்’ நமக்கு 4 எழுத்து: க, ண், ணீ, ர். மென்பொருளுக்கு 7, ஏனென்றால் புள்ளியும் ஈகாரக் குறியும் அதற்குத் தனித்தனி. பல்லவியின் முதல் இரண்டு வரிகளை இடைவெளி விட்டு எண்ணினால் நம் கணக்கில் 24 எழுத்து, அதன் கணக்கில் 36. ஒன்றரை மடங்கு. ஆங்கிலத்துக்கு வைத்த வேக வரம்பை அப்படியே வைத்துக்கொண்டால், நன்றாகப் படிக்க முடிகிற தமிழ்க் கார்டுகள்கூடச் சிவப்பில் எச்சரிக்கும். அதைப் பார்த்துப் பயந்து வசனத்தை வெட்டுகிறவர்கள் உண்டு.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே எண்ணினோம். உயிர்மெய் ஒன்று, மெய் ஒன்று. வசனத்துக்கு நொடிக்கு 10 எழுத்து, பாட்டுக்கு நொடிக்கு 8 என்று வைத்துக்கொண்டோம். இது இந்தப் படத்துக்கு வைத்த அளவு, சட்டம் அல்ல. பாட்டுக்குக் குறைத்ததற்குக் காரணம், பாட்டுக் காட்சியில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. அத்துடன் ‘மல மடியில் ஈரம்’ போன்ற சொற்சேர்க்கை, பேச்சு வசனத்தைப் போல அடுத்த சொல்லை ஊகிக்க விடாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் படித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் பல்லவியின் முதல் இரண்டு வரிக்கும் சேர்த்து 3 நொடி போதும். அவற்றைப் பாடுவதற்கு 8.4 நொடி ஆகிறது. இந்த வித்தியாசம்தான் நம் கையில் இருக்கும் மூலதனம். பாடி முடிக்கும் வரை வரி திரையில் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எண்ணும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று: சரணத்தில் ‘மௌனம்’ வருகிறது. கவிஞரின் தாளில் அது ‘மெ’ போட்டு ‘ள’ போட்டு தட்டச்சாகியிருந்தது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எழுத்து 3 என்பது 4 ஆகிவிடும், தேடினாலும் கிடைக்காது. தாள் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டதென்றால், அல்லது பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்ததென்றால், கொம்புகள் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் பார்த்தாக வேண்டும்.

வரியை உடைக்கும் இடம்

கவிஞர் தாளில் ‘மல’ என்பது முதல் வரியின் கடைசியில் தொங்குகிறது, ‘ஒத்த’ மூன்றாம் வரியின் கடைசியில். மெட்டுக்கு அது சரி. வெண்பாவின் தனிச்சொல் போல, பாடகர் அங்கே கொஞ்சம் இழுத்து நிறுத்தி அடுத்த வரிக்குத் தாவுகிறார். திரையில் அப்படி உடைத்தால் ‘வருதடி மல’ என்று படித்து ஒரு கணம் திகைக்க வேண்டியிருக்கும். காதில் கேட்பவருக்கு இசை அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அந்த உதவி இல்லை. அதனால் பொருள் பார்த்து உடைத்தோம்: ‘மஞ்சு எறங்கி வருதடி / மல மடியில் ஈரம் தருதடி.’

‘எறங்கி’, ‘நெனப்பு’ என்று பாடியதை ‘இறங்கி’, ‘நினைப்பு’ என்று திருத்தவில்லை. நெஞ்சுக்கு நெனப்பு மோனை. திருத்தினால் அந்தக் கட்டு போய்விடும்.

பாட்டு என்று காட்டுவதற்குச் சாய்வெழுத்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேர் எழுத்தையே தள்ளிச் சாய்த்துவிடும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்திலும் முடிவிலும் ♪ போதும். பல தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறி இருக்காது, கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கித்தான் காட்டுகிறது. கடன் கொடுக்க ஆள் இல்லாத இயந்திரத்தில் அதே இடத்தில் வெறும் கட்டம் தெரியும். எழுத்துருவை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த 25 நொடி

இனி பல்லவியைக் கார்டு கார்டாகப் பார்க்கலாம். முதலில் வசனங்களை மட்டும் வைத்தோம், பாட்டு ஒரு வரிகூட இல்லாமல். வசனத்துக்கு எவ்வளவு நேரம் தேவையோ அதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில்தான் பாட்டு. வேலையின் வரிசையை இப்படித் திருப்பிப்போட்டதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

‘தோட்டத்த வித்தாச்சு’ 10 எழுத்து. 1 நொடி போதும் என்கிறது கணக்கு. ஆனால் அந்த ஷாட்டில் கேமரா ஜீப்புக்குப் பின்னால், வளைவில் நிற்கிறது. உதடு தெரியாது, பேசுவது யாரென்று காது கேளாதவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் ‘முருகேசன்:’ என்று பெயர் சேர்க்க வேண்டும், 15 எழுத்தாகிறது. கதையையே திருப்புகிற வசனமும் அதுவே. 2.4 நொடி கொடுத்தோம். பேச்சு முடிந்த பிறகும் கார்டு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் நிற்கிறது.

அதற்கு முன்னால் முழுதாக ஒரு நொடி திரையின் அடிப்பகுதி காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தோம். இந்தக் காலி நொடிதான் இந்த வேலையின் உயிர். பாட்டு வரி போய், கண் படத்துக்குத் திரும்பி, பிறகு கீழே புதிதாக ஒன்று தோன்றினால் அது தானாகவே கண்ணை இழுக்கும். பாட்டு வரி போன உடனே அதே இடத்தில் வசனம் வந்தால், வரி மாறியது போலத்தான் தோன்றும். பலர் அதையும் பாட்டாகவே படித்துவிடுவார்கள். சாதாரண வசனத்துக்கு முன் 12 ஃப்ரேம், அதாவது அரை நொடி காலி விட்டால் போதும்.

ஆக முதல் இரண்டு வரிகளும் ஒரே கார்டாக 41:29இல் வந்து 41:33.5இல் போய்விடுகின்றன. இதில் ஒரு விலை இருக்கிறது: இரண்டாம் வரியைப் பாடகர் பாடத் தொடங்கிய சற்று நேரத்தில் அது திரையில் இல்லை. பாடுவதற்கு முன்பே படித்தாகிவிட்டது. நகைச்சுவை வசனத்தில் இப்படி முந்திக் காட்டினால் கொலைக் குற்றம். பாட்டில் தாங்கலாம்.

மூன்றாம் வரிதான் சிக்கல். 41:37.4இல் ‘நெஞ்சு நழுவி’ தொடங்குகிறது, 1.2 நொடியில் அவள் பேசுகிறாள். அந்த இடுக்கில் எதையும் செருக முடியாது. அவள் பேசி முடித்த பிறகு நான்கு வரிகளின் பின்பாதி முழுவதையும் போட்டால், நான்காம் வரி பாடும்போது மூன்றாம் வரி திரையில் இருக்கும். அது தவறு செய்தது போலத் தெரியும். முந்திக் காட்டலாம், பிந்திக் காட்டக் கூடாது. ஆகவே மூன்றாம் வரியை இங்கே விட்டுவிட்டு, ‘ஒத்த நெனப்பு மட்டும் வேகுதடி’யை மட்டும் அது பாடப்படும் இடத்தில் வைத்தோம். தனியாகப் படித்தாலும் அதற்குப் பொருள் நிற்கிறது. நிற்காவிட்டால் இரண்டையும் விட்டிருக்க வேண்டும்.

மறுபடி பாடும் முதல் இரண்டு வரிகளுக்குக் கார்டே இல்லை. அங்கே மூன்றாம் வசனம் மட்டும். எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான்:

```
1
00:41:29,000 --> 00:41:33,500
♪ மஞ்சு எறங்கி வருதடி
மல மடியில் ஈரம் தருதடி ♪

2
00:41:34,500 --> 00:41:36,917
முருகேசன்: தோட்டத்த வித்தாச்சு.

3
00:41:38,583 --> 00:41:40,583
யாருகிட்ட கேட்டீங்க?

4
00:41:41,583 --> 00:41:44,792
♪ ஒத்த நெனப்பு மட்டும் வேகுதடி ♪

5
00:41:47,000 --> 00:41:49,000
கேக்க நேரமில்ல.
```

917, 583 என்று வருவது கிறுக்குத்தனம் அல்ல. 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 41.67 மில்லிநொடி, 14ஆவது ஃப்ரேம் 583, 22ஆவது 917. இஷ்டத்துக்கு 600, 900 என்று போட்டால் ஒளிப்பான் பக்கத்து ஃப்ரேமுக்கு உருட்டிவிடும். ஷாட் மாறும் இடத்தில் அந்த ஒரு ஃப்ரேம் கண்ணைக் குத்தும்.

முதல் வடிவத்தில் இதே 25 நொடிக்குப் பாட்டுக்கு மட்டும் 6 கார்டு இருந்தது. இப்போது 2.

பாட்டுப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது

சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று நிற்கிறது. அந்தக் காலத்துப் படங்களுக்குத் தியேட்டர் வாசலிலேயே பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். முதல் ஒன்றிரண்டு சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டு விட்டுவிடுவார்கள். வாசகருக்கு அதுவே போதும். காகிதத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை, திரையில் நேரத்தை மிச்சம் பிடிக்கவும் பயன்படுகிறது.

முதல் சரணம் முடிந்து 42:43.4இல் பல்லவி திரும்புகிறது. அங்கே ‘♪ மஞ்சு எறங்கி... ♪’ என்று மட்டும், ஒன்றரை நொடிக்கு. காது கேளாதவருக்குப் பல்லவிதான் மறுபடி வருகிறது என்று தெரிந்துவிடுகிறது. படிக்க வேண்டியது 7 எழுத்து. தொடர்ந்து 42:51.8இல் ‘நெஞ்சு நழுவிப் போகுதடி / ஒத்த நெனப்பு மட்டும் வேகுதடி’ முழுதாக வருகிறது. முன்பு கடன் வைத்த வரி இங்கே தீர்கிறது. அந்த இடத்தில் வசனம் இல்லை, அவள் முகம் மட்டும். தோட்டம் போன செய்திக்குப் பிறகு வருவதால் வரிக்கும் அங்கே கூடுதல் கனம்.

41:45.8இல் வந்த மறுபாடலுக்கும் இதே குறுங்கார்டைப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 1.2 நொடியில் வசனம் வருகிறது. கார்டும் காலி நேரமும் சேர்ந்து அதற்குள் அடங்காது. கார்டின் குறைந்தபட்ச ஆயுள் 20 ஃப்ரேம் என்று வைத்திருந்தோம். அதற்குக் கீழே போனால் எழுத்து என்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது.

சரணத்தில் மஞ்சு

முதல் சரணத்தில் வசனமே இல்லை. இங்கே மூச்சு விடலாம்:

வளைவு இருபது தாண்டயில – ஒரு
வார்த்த உனக்குத் தேடயில
மிளகுக் கொடியும் மரத்தோட – என்
மௌனம் மட்டும் என்னோட

வரிக்கு ஒரு கார்டு, பாடத் தொடங்கும்போது வந்து 3 நொடியில் போகிறது. முதல் இரண்டு வரிகளைத் திரும்பப் பாடும்போது எதுவும் இல்லை. (மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு உண்மையிலேயே 20தான், கவிஞர் எதுகைக்காகக் கூட்டவில்லை.)

பிரச்சினை ஷாட்டுகளில். எடிட்டர் தாளத்துக்குத் தாளம் வெட்டியிருக்கிறார், ஒரு நொடிக்கு ஒன்று, ஒன்றரை நொடிக்கு ஒன்று. சாதாரணக் காட்சியில் கார்டின் முடிவை அருகிலுள்ள ஷாட் மாற்றத்தோடு ஒட்ட வைப்பது வழக்கம். இங்கே ஒவ்வொரு வெட்டையும் மதிக்கப் போனால் வரி துண்டு துண்டாகிவிடும். மெட்டைப் பின்பற்றினோம்; ஒரே ஒரு நிபந்தனை, வெட்டு விழுந்து ஒன்று முதல் ஏழு ஃப்ரேமுக்குள் கார்டு மறையக் கூடாது. அப்படி மறைந்தால் புதுப் படத்தின் மேல் பழைய எழுத்து ஒரு கணம் துடித்து, கார்டு மாறியதென்று நினைத்துக் கண் மறுபடி படிக்கப் போகும். அந்த இடங்களில் கார்டை வெட்டுக்கு 2 ஃப்ரேம் முன்பாகவே எடுத்துவிட்டோம்.

‘மிளகுக் கொடியும் மரத்தோட’ வரும்போது சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சுற்றிலும் மஞ்சு. வெள்ளை எழுத்து அங்கே கரைந்தது. படத்தோடு எழுத்தைப் பதித்துத் தரும் பிரதியில், 1080 உயரத்துக்கு 3 பிக்சல் கறுப்பு விளிம்பு கொடுத்ததும் சரியானது. 2 பிக்சல் போதவில்லை, 4 போனால் ‘ண்ணீ’யின் சுழிகள் அடைத்துக்கொண்டன. எழுத்து தனிக் கோப்பாகப் போகும் தளங்களுக்கு இந்த விளிம்பு நம் கையில் இல்லை, பார்ப்பவர் கருவி என்ன வைத்திருக்கிறதோ அதுதான். அதனாலும்தான் நிறத்தையோ இடத்தையோ நம்பிப் பாட்டையும் வசனத்தையும் பிரிக்காமல், நேரத்தை நம்பிப் பிரித்தோம். நேரத்தை எந்தக் கருவியும் மாற்றாது.

பதித்த பிரதியைச் சோதிக்க:

```
ffmpeg -i paattu.mov -vf "ass=paattu.ass:shaping=complex" -c:v libx264 -crf 16 -c:a aac sodhanai.mp4
```

`shaping=complex` இல்லாமல் எளிய முறையில் எழுத்தைக் கோத்தால் ‘கொடி’யின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். அந்தக் குறையைக் கண்டுபிடிக்க முழுப் பாட்டும் பார்க்க வேண்டாம், ‘மௌனம்’ வரும் ஒரு கார்டைப் பார்த்தால் போதும்.

இரண்டாம் சரணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோட்டத்து மேஸ்திரி போனில் பேசுகிறார், 14 நொடிக்கு நிற்காத பேச்சு, அடியில் பாட்டு தாழ்ந்து ஒலிக்கிறது. ஒலிக்கலவை செய்தவரே பாட்டைத் தாழ்த்திவிட்டார். எழுத்தும் அதையே செய்தது. பாட்டு வரிகள் ஒன்றும் இல்லை. பேச்சு தொடங்குமுன் ‘[பாட்டு பின்னணியில் தொடர்கிறது]’ என்று ஒரே ஒரு கார்டு.

இந்த முறை எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டே கதை சொல்லுமென்றால், 10 வருடம் ஒரே பாட்டில் ஓடிப் போகிற மாதிரிக் காட்சியென்றால், தலைகீழாக்க வேண்டும். நடுவில் வருகிற ‘வாங்க, உக்காருங்க’ போன்ற பேச்சு வழிவிடட்டும். வரியை எடுத்துவிட்டால் அடுத்த காட்சி புரியுமா என்று கேட்டுப் பாருங்கள். புரியும் என்றால் வரி விருந்தாளி, வசனத்துக்கு வழிவிட வேண்டியது அதுதான்.

நேரம் நழுவும் மூன்று இடங்கள்

இவ்வளவு கணக்குப் போட்டும் கடைசியில் எல்லாம் பிசகலாம். முதலாவது, ஆல்பத்தில் வந்த பாட்டை வைத்து நேரம் குறிப்பது. படத்தில் பாட்டு வெட்டுப்பட்டிருக்கும்; இந்தப் பாட்டிலேயே இடையிசை குறைக்கப்பட்டிருந்தது. பல்லவி வரை ஒத்துப்போய், சரணத்தில் எல்லாக் கார்டும் ஒரே அளவு விலகி நின்றால் காரணம் இதுதான். எடிட்டர் படத்தைப் பூட்டிய பிறகு வந்த பிரதியில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஃப்ரேம் வேகம். 24 என்று நினைத்துச் செய்த கோப்பு 23.976இல் ஓடினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் பாட்டு வருவதே 41ஆவது நிமிடத்தில்; அதற்குள் இரண்டரை நொடி நழுவியிருக்கும். நாம் பார்த்துப் பார்த்து விட்ட காலி நொடி அத்தோடு போயிற்று. பாட்டை மட்டும் தனியாக வெட்டிச் சோதித்தால் பிழை கால் நொடிக்குள் ஒளிந்துகொள்ளும், தெரியவே தெரியாது. வேலையைத் தொடங்குமுன் கோப்பையே கேட்டுவிடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate -of csv=p=0 padam.mov
```

`24/1` என்றால் 24. `24000/1001` என்றால் 23.976.

மூன்றாவது, எடிட்டர் தந்த டைம்கோடு 01:00:00:00இல் தொடங்கியிருப்பது. அப்படியே எழுதினால் எல்லாக் கார்டும் ஒரு மணி நேரம் கழித்து வரும். பெரிய பிழை என்பதால் உடனே தெரிந்துவிடும், மற்ற இரண்டும் போல ஏமாற்றாது.

கடைசிச் சோதனையை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி டிவியில் ஒருமுறை, கைபேசியில் ஒருமுறை செய்தோம். கதை தெரியாதவர்களைத்தான் உட்கார வைக்க வேண்டும். ‘சப்டைட்டில் எப்படி இருந்தது’ என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். பாட்டு முடிந்ததும் படத்தை நிறுத்தி, ‘தோட்டம் என்ன ஆச்சு, யார் சொன்னது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் பாட்டு வரி இன்னும் ஒன்று கூடுதலாக இருக்கிறது; பெரும்பாலும் அது வசனத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற வரி.